முத்திரை உடைந்த வினாத்தாள் பொதி கையில் இருந்தால் என்ன செய்வது: ஒரு மேற்பார்வையாளரின் அனுபவம்

ஹட்டன் பக்கம் ஒரு பாடசாலையில் சாதாரண தரப் பரீட்சைக்கு மேற்பார்வையாளராக இருந்தபோது நடந்தது இது. கணிதம் முதலாம் வினாத்தாள், காலை 8.30க்கு ஆரம்பம். மண்டபத்தில் பொதியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கும்போது ஒரு பக்க ஓரத்தில் முத்திரைப் பட்டி அறுந்து, இரண்டு விரல் அகலத்துக்கு உறை பிளந்திருந்தது. நேரம் 8.12. புதிதாக மேற்பார்வைக்குப் போகும் ஆசிரியர்கள் பலர் இதைப் பற்றிக் கேட்கிறார்கள், அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் செய்தது, பொதியை மேசையில் வைத்துவிட்டுக் கையை எடுத்தது. பிளந்த இடத்தை விரலால் தடவிப் பார்க்கவும் இல்லை, அமுக்கி மூடவும் இல்லை. உதவி மேற்பார்வையாளரையும் வாசலில் நின்ற பொலிஸ் உத்தியோகத்தரையும் கூப்பிட்டு, அவர்கள் கண்ணால் பார்த்த நேரத்தைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். நோக்குநர் ஒருவர் நல்ல மனதோடுதான், "சேர், செலோடேப் இருக்கு, ஒட்டிட்டுக் கொடுப்போமே, பிள்ளைகள் பயந்துடுவாங்க" என்றார். அதுதான் செய்யவே கூடாத காரியம். ஒட்டிவிட்டால் பிளவு எப்படி இருந்தது, இழுபட்டுக் கிழிந்ததா, பிளேடால் அறுத்ததா என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது. உராய்வில் கிழிந்த உறையின் விளிம்பு பிசிறாக, நார் நாராக இருக்கும், அறுத்ததின் விளிம்பு நேராக இருக்கும். பசையை ஆவி காட்டியோ ஈரப்படுத்தியோ பிரித்திருந்தால் மூடியில் சுருக்கமும் பசைத் தழும்பும் தெரியும். டேப்பை ஒட்டினால் அந்தச் சாட்சி மொத்தமும் போய்விடும், குற்றமே செய்யாத மனிதர்கள் மீது சந்தேகம் மட்டும் மிச்சமாக இருக்கும்.

அப்புறம் காலையில் பொதியை வாங்கி வந்த இணைப்பு நிலையத்துக்குக் கோல் எடுத்தேன். அங்கே பொறுப்பாக இருந்தவர் பதறவில்லை, மூன்றே கேள்வி கேட்டார். பிளவு எந்த இடத்தில், அதன் வழியாக ஒரு தாளை வெளியே இழுக்க முடியுமா, முத்திரை முழுசாக இருந்ததைக் கடைசியாக யார், எப்போது பார்த்தது. கணிதம் முதலாம் வினாத்தாள் என்பது பிள்ளைகள் அதிலேயே விடை எழுதுகிற தாள், பல பக்கம் சேர்ந்த தடித்த தொகுப்பு. இரண்டு விரல் இடைவெளியில் அது வெளியே வராது, வந்தால் பிளவு பெரிதாகக் கிழிந்திருக்க வேண்டும். பிளவு வழியாகத் தெரிந்தது அடுக்கின் வெள்ளை ஓரம் மட்டும், அச்செழுத்து ஒன்றும் தெரியவில்லை. இதைச் சொன்னதும் அவர், "மேலே கேட்டுட்டுச் சொல்றேன், அதுவரை திறக்க வேண்டாம், ஆரம்பிக்கவும் வேண்டாம்" என்றார். திறப்பதா, மாற்றுப் பொதி வருவதா என்பது பரீட்சைத் திணைக்களத்தின் முடிவு. கண் முன்னே பிள்ளைகள் காத்திருக்கும்போது அந்த முடிவை நாமே எடுத்துவிடத் தோன்றும், அப்போது கை கட்டி நிற்பதுதான் கஷ்டம்.

மூன்றாவது கேள்விக்குத்தான் நான் அன்று நன்றி சொல்ல வேண்டும். காலையில் இணைப்பு நிலையத்தில் பொதியை வாங்கும்போது பதிவேட்டில் நாம் கையெழுத்துப் போடுகிறோம் இல்லையா, அந்தக் கையெழுத்துக்கு என்ன பெறுமதி என்பது இப்படி ஒரு நாளில்தான் புரியும். மழைக்காலம், பனிமூட்டம், வெளிச்சம் குறைவு. இருந்தாலும் டோர்ச் அடித்து நான்கு பக்கமும் முன்னும் பின்னும் பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன், உடன் வந்த உத்தியோகத்தரும் பார்த்தார். அதனால் உடைந்தது எங்கள் வேனில் ஏறிய பிறகு, மண்டபத்துக்கு வரும் முன் என்று கால எல்லை சுருங்கிவிட்டது. அப்படிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால் அச்சகத்திலிருந்து எங்கள் வாசல்வரை எல்லா இடமும் சந்தேகத்துக்குள் வந்திருக்கும். வினாத்தாள் வெளியே போனது உறுதியானால் பாதிப்பு ஒரு மண்டபத்தோடு நிற்காது. 2024 ஜனவரியில் உயர்தர விவசாய விஞ்ஞான வினாத்தாள் வெளியாகி, பரீட்சை ரத்தாகி, நாடு முழுக்க அந்தப் பாடம் எடுத்த பிள்ளைகள் மறுபடி எழுத வேண்டி வந்ததை நாம் பார்த்தோம்.

இதற்கிடையே 8.30 ஆகிவிட்டது, எங்கள் மண்டபத்தில் தாள் இல்லை. மற்ற எல்லா நிலையத்திலும் அதே வினாத்தாளைப் பிள்ளைகள் எழுதத் தொடங்கிவிட்டார்கள். அந்த நிமிடத்திலிருந்து ஆபத்து எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது: எங்கள் பொதியிலிருந்து ஒன்றும் வெளியே போகாவிட்டாலும், வெளியேயிருந்து கேள்வி உள்ளே வந்துவிடலாம். அதனால் எல்லாப் பிள்ளைகளையும் உட்கார வைத்தேன், மலசலகூடம் போக வேண்டியவர்களை நோக்குநர் கூடவே போய் அழைத்து வரச் சொன்னேன். வாசலில் நின்ற பெற்றோரிடம் அதிபர் பேசினார், உள்ளே யாரும் வரவில்லை. நோக்குநர்களின் போன்கள் அணைத்து ஒரே இடத்தில், என் போன் மட்டும் இணைப்பு நிலையத்துக்காகத் திறந்திருந்தது. பிள்ளைகளிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "கொஞ்சம் தாமதமாகும், பிந்துற ஒவ்வொரு நிமிடமும் கடைசியில உங்களுக்குக் கிடைக்கும்." பொதியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. தோட்டத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்த பிள்ளைகள், வினாத்தாள் களவு போய்விட்டது என்று ஒரு வதந்தி கேட்டால் அந்த இரண்டு மணித்தியாலமும் பாழாகிவிடும்.

8.41க்குப் பதில் வந்தது: எண்ணிப் பார், சரியாக இருந்தால் கொடு, ஒரு தாள் குறைந்தாலும் கொடுக்காதே, மாற்றுப் பொதி வரும். அதற்கு முன் உறையின் படம், பிளவின் படம், உறை மேலுள்ள பாட எண், மொழிமூலம், தாள்களின் எண்ணிக்கை எழுதிய இடத்தின் படம் எல்லாம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். பிறகு முன்வரிசைப் பரீட்சார்த்திகள் இருவரையும் சாட்சிக்கு அழைத்து, பிளவு இல்லாத பக்கமாக உறையை வெட்டினேன். பிளவு இருந்த பக்கத்தை அப்படியே விட வேண்டும், அது முக்கியம். தாள்களைக் கவிழ்த்து வைத்தே எண்ணினோம், நானும் உதவி மேற்பார்வையாளரும் தனித்தனியாக. உறையில் எழுதியிருந்த எண்ணும் எங்கள் இரண்டு எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தன. மேல் தாளின் ஓரத்தில் மட்டும் ஒரு சிறிய மடிப்பு, பிளவு இருந்த அதே இடத்தில். 8.52க்கு எழுதத் தொடங்கினார்கள், 10.52க்கு முடித்தார்கள். தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் பலகையில் எழுதி, சம்பவ அறிக்கையிலும் எழுதினேன். இரண்டாம் வினாத்தாளையும் அதற்கேற்பத் தள்ளி ஆரம்பிக்க இணைப்பு நிலையத்திடமே கேட்டு அனுமதி வாங்கினேன், இடைவேளையைக் குறைத்துப் பிள்ளைகளிடமிருந்து அந்த நேரத்தைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.

வெறும் உறையை மடிக்காமல், விடைத்தாள் பொதிக்குள் போடாமல், தனியாக ஒரு பெரிய உறையில் வைத்து அறிக்கையோடு ஒப்படைத்தேன். வேனில் வந்த நாங்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக வாக்குமூலம் எழுதினோம், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல். அறிக்கையில் காரணம் எதையும் நான் ஊகித்து எழுதவில்லை, பார்த்தது, நேரம், யார் இருந்தது, யார் என்ன சொன்னார் என்பது மட்டும். 1968ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கப் பரீட்சைச் சட்டத்தின் கீழ் பார்க்கப்படக்கூடிய விஷயம் இது, அதில் என் ஊகத்துக்கு இடமில்லை.

பிறகு விசாரித்தபோது வேனில் வைத்த இரும்புப் பெட்டியின் தாழ்ப்பாள் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. வளைவுப் பாதையில் பொதி அதில் உரசி உரசிப் பட்டி அறுந்திருக்கிறது, பட்டியின் பிசிறு தாழ்ப்பாளில் ஒட்டியிருந்தது. மறுநாளிலிருந்து பெட்டிக்குள் தடித்த மட்டை விரித்து, பொதியைப் படுக்க வைத்து, அசையாமல் துணி அடைத்துக் கொண்டு போனோம். இணைப்பு நிலையத்திலும் பதிவேட்டில் வெறும் கையெழுத்துக்குப் பதிலாக "எல்லாப் பக்கமும் பார்த்தேன்" என்று எழுதி நேரமும் போட்ட பிறகுதான் பொதியைக் கொடுக்கத் தொடங்கினார்கள்.