யானைமலைக்கு மேலே இன்னும் கொஞ்சம் வானம்

அப்பாவின் போனில் யானைமலையை வால்பேப்பராக வைக்க ஆசைப்பட்டேன். மதுரை ஒத்தக்கடைப் பக்கம் வயலில் நின்று ஒரு காலையில் எடுத்த படம் இருந்தது. அகலம் 4000, உயரம் 3000 பிக்சல். அப்பாவின் திரை 1080-க்கு 2400. படத்தை அப்படியே வைத்தால் நடுவிலிருந்து 1350 பிக்சல் அகலக் கீற்றுதான் திரையில் வரும். அந்த மலையின் அழகே அது படுத்திருக்கும் நீளம்தான். தலை வந்தால் முதுகு வராது.

மலை முழுதாக வர எனக்கு 2700 பிக்சல் அகலம் தேவைப்பட்டது. அந்த அகலத்துக்குத் திரையின் விகிதப்படி உயரம் 6000. இருப்பது 3000. மீதி 3000-க்கும் வானத்தை நான்தான் வளர்க்க வேண்டும். நல்லவேளை, படத்தின் மேல் விளிம்பைத் தொடும் மேகம் எதுவும் இல்லை. பாதி மேகம் அங்கே வெட்டுப்பட்டிருந்தால் வேறு படம்தான் தேடியிருப்பேன்.

கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் வேலை செய்தேன். மேலே உள்ள 300 பிக்சல் பட்டையை நகலெடுத்து அப்படியே மேல்நோக்கி இழுத்தபோது, வானத்தில் இருந்த நுண்ணிய புள்ளிகள் எல்லாம் நெட்டுக்கோடுகளாகி மழைச்சாரல் போலத் தெரிந்தன. அதை விட்டுவிட்டு இரண்டு நீலங்களை வைத்து, ஒன்றிலிருந்து மற்றதற்குப் படிப்படியாக மாறும் ஒரு கிரேடியன்ட் போட்டேன். இடப்பக்கம் ஒட்டியது, வலப்பக்கம் ஒட்டவில்லை. வெயில் வலப்பக்கமிருந்து வந்ததால் அங்கே வானம் வெளிறியிருந்தது. ஒரே நிறம் இரு பக்கத்துக்கும் பொருந்தாது.

கடைசியில் இரண்டையும் சேர்த்ததும் சரிவந்தது. அதே பட்டையை முதலில் Gaussian Blur கொடுத்து நன்றாகக் கரைத்துவிட்டு அப்புறம் இழுத்தேன். புள்ளிகள் போய், இடவலமாக மாறும் வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. அதன்மேல், கீழே ஒன்றுமில்லாமல் தொடங்கி மேலே போகப்போக அடர்நீலமாகும் கிரேடியன்ட். எவ்வளவு அடர்த்தி என்பதைப் படமே சொல்லும். நிறம் எடுக்கும் கருவியில் Sample average-ஐ இயக்கி, மலைக்குச் சற்று மேலே ஓர் இடத்திலும் மேல் விளிம்பிலும் நிறம் பார்த்தேன். தொடுவானத்துக்கு அருகில் வானம் வேகமாக நிறம் மாறும், மேலே போகப்போக மாற்றம் மெதுவாகும். அதனால் புது வானத்தில் மாற்றத்தைக் குறைவாகவே வைத்தேன். இணைப்பை லேயர் மாஸ்க் வைத்து 600 பிக்சலுக்குப் படிப்படியாக மங்கவிட்டேன்.

அப்படியும் திரையின் நடுவே இரு ஓரங்களிலும் லேசான நிழல் தெரிந்தது. லென்ஸ் படத்தின் மூலைகளைக் கொஞ்சம் இருட்டாக்கும். அந்த மூலைகள் இப்போது வானத்தின் நடுவில் மாட்டிக்கொண்டன. திரும்பவும் முதலிலிருந்து தொடங்கி, படத்தை வெட்டுவதற்கு முன்பே Lens Distortion-இல் Main-ஐச் சற்று நகர்த்தி Brighten கொடுத்து மூலைகளை வெளிச்சமாக்கினேன். இந்தத் திருத்தம் படத்தின் மையத்திலிருந்து வெளியே போவதால் வெட்டிய பிறகு செய்தால் பொருந்தாது. இணைப்பு தெரிகிறதா என்று பார்க்க, தற்காலிகமாக கான்ட்ராஸ்ட்டை மிக அதிகமாக ஏற்றிப் பார்ப்பேன். அப்போதும் தெரியாவிட்டால் போனிலும் தெரியாது.

ஐகான்களுக்காக, அப்பாவின் முகப்புத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து மேல் லேயராகப் பாதி மங்கலில் வைத்துக்கொண்டேன். மலை சரியாகக் கீழ் வரிசை ஐகான்களுக்குப் பின்னால் இருந்தது. “மலை தெரியுதுப்பா, வாட்ஸப் எங்க இருக்குன்னு தெரியலையே” என்று அப்பா முதல் மாதிரியைப் பார்த்தே சொல்லியிருந்தார். ஐகான்களை மேலே மூன்று வரிசையாக வானத்துக்கு நகர்த்தினேன். அடர்நீலத்தில் வெள்ளை எழுத்து தெளிவாகப் படிந்தது. மலைக்குக் கீழே வயலில் நாற்றும் வரப்புமாக நிறைய விவரம் இருந்ததால், அடியில் போன், மெசேஜ் ஐகான்கள் நிற்கும் பட்டையை மட்டும் சற்று இருட்டாக்கி, லேசாகக் கரைத்தேன். மலையைத் தொடவில்லை.

பிறகு 40 சதவீதமாகச் சுருக்கினால் சரியாக 1080-க்கு 2400. இங்கே ஒரு விஷயத்தை விட்டுவிடக் கூடாது. புது வானம் 1200 பிக்சல் உயரத்தில் ஏறக்குறைய 40 படிகள்தான் நிறம் மாறுகிறது. ஒவ்வொரு படியும் 30 பிக்சல் அகலப் பட்டையாகத் திரையில் தெரியும். அதனால் நிறத்தை இன்னும் நுண்ணிய படிகளில் வைக்கும் 16 பிட்டில் ஆரம்பத்திலிருந்தே வேலை செய்து, சுருக்கிய பிறகு RGB Noise-ஐ மிகக் கொஞ்சமாகத் தூவினேன். பட்டைகள் கலைந்தன, பழைய வானத்தின் புள்ளிகளோடும் ஒத்துப்போனது. சுருக்குவதற்கு முன் தூவினால் சுருங்கும்போது அது மங்கிவிடும். ஜேபெக்கும் அதை அழித்துவிடும் என்பதால் பிஎன்ஜியாகச் சேமித்தேன். வாட்ஸப்பில் படமாக அனுப்பினாலும் அதே கதிதான், டாக்குமென்ட்டாக அனுப்பினேன்.

அப்பா வைத்துப் பார்த்தார். அவர் போன் வால்பேப்பரைக் கொஞ்சம் பெரிதாக்கியே காட்டுகிறது. மலையின் இரு முனையிலும் நான் இடம் விட்டிருந்ததால் தலையும் முதுகும் உள்ளேயே நின்றன.