40 லட்சத்துக்குள் ஐந்து திட்டங்கள்: வரிசை போட்ட கதை

மன்னார்குடிப் பக்கம் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். போன வருஷம் ஆடியில் எங்கள் கையில் 40 லட்சம் இருந்தது. 15 லட்சம் சொந்தப் பணம், 25 லட்சம் வங்கி ஒப்புக்கொண்ட டேர்ம் லோன். கடனை மார்ச் 31-க்குள் எடுத்துவிட வேண்டும், எடுக்காவிட்டால் ஒப்புதல் காலாவதி ஆகிவிடும். எடுக்காத தொகைக்கு வட்டி கிடையாது.

இயக்குநர்கள் கொண்டுவந்த திட்டங்கள் ஐந்து. நெல் உலர்த்தும் டிரையர் 18 லட்சம். பெல்ட் வைத்த அறுவடை மெஷின் 26 லட்சம். குடோன் 22 லட்சம். உளுந்து உடைக்கும் மில் 10 லட்சம். விதை சுத்திகரிக்கும் மெஷின் 8 லட்சம். கூட்டினால் 84 லட்சம். ஐந்துமே லாபம் தரக்கூடியவைதான். அதனால்தான் சிக்கல். நஷ்டம் தருவது ஒன்று இருந்தால் அதைக் கழித்துவிட்டுப் போகலாம்.

முதல் கூட்டத்தில் தலைவர் ஐயா அறுவடை மெஷின் பக்கம் நின்றார். அதுதான் வருஷத்துக்கு 8 லட்சம் தரும், மற்ற எதுவும் அந்த அளவு தராது என்றார். உண்மைதான். ஆனால் அது 26 லட்சத்தை விழுங்கிவிட்டுத் தருகிற 8 லட்சம். பணம் தட்டுப்பாடாக இருக்கும்போது ஒரு திட்டம் மொத்தம் எவ்வளவு தருகிறது என்பதோடு, போடுகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் எவ்வளவு தருகிறது என்றும் பார்க்க வேண்டும். அதற்கான அளவுகோல்தான் லாபத்தன்மைக் குறியீடு. பின்னால் வரப்போகும் வரவுகளை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து, இன்று போடும் முதலீட்டால் வகுக்க வேண்டும். ஒன்றுக்கு மேல் வந்தால் லாபம்.

வரவுகளை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர, வங்கி வட்டியை ஒட்டி, கொஞ்சம் மேலே, வருஷத்துக்கு 12 சதவீதம் கழிவு போட்டேன். டிரையர் வருஷத்துக்கு 5.4 லட்சம், ஏழு வருஷம். வருஷத்துக்கு ஒரு ரூபாய் வீதம் ஏழு வருஷம் வந்தால் அதன் இன்றைய மதிப்பு, அதாவது காரணி, 4.5638. பெருக்கினால் 24.64 லட்சம். 18 லட்சத்தைக் கழித்தால் நிகர நிகழ்கால மதிப்பு 6.64 லட்சம், வகுத்தால் குறியீடு 1.37. எக்செலில் இதை ஒரே வரியில் போடலாம். B3-இல் முதலீடு மைனஸ் 18, C3 முதல் I3 வரை வரவுகள்:

```
=NPV(12%,C3:I3)+B3
=NPV(12%,C3:I3)/-B3
```

முதல் தடவை நான் B3-ஐயும் அடைப்புக்குள் சேர்த்து `NPV(12%,B3:I3)` என்று போட்டுவிட்டேன். அந்த ஃபங்ஷன் முதல் எண்ணை இன்றையதாக எடுத்துக்கொள்ளாது, ஒரு வருஷம் கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும். 6.64 வரவேண்டிய இடத்தில் 5.93 வந்தது. கையால் போட்டுப் பார்த்திருக்காவிட்டால் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

அடுத்த தவறு இதைவிடப் பெரியது. உளுந்து மில் வருஷத்துக்கு 3.1 லட்சம் தரும், ஏழு வருஷம். 10 லட்சத்துக்கு 14.15 லட்சம், குறியீடு 1.41. டிரையரையே தாண்டிவிட்டது. தாளைப் பார்த்த ஓர் இயக்குநர், உளுந்து வியாபாரம் செய்தவர், "தம்பி, உளுந்து எதை வெச்சு வாங்குவீங்க?" என்றார். சம்பா, தாளடி அறுப்புக்கு முன்னாலேயே வயலில் தெளித்துவிடுகிற உளுந்து இங்கே பங்குனி, சித்திரையில் ஒரே மூச்சாக வந்து குவியும். அந்தச் சில வாரங்களில் ரொக்கம் கொடுத்து வாங்கி வைத்தால்தான் மில் மற்ற மாதங்களில் ஓடும். குறைந்தது 5 லட்சம் அதில் முடங்கும். அது நடைமுறை மூலதனம், ஆனால் இந்த 40 லட்சத்திலிருந்துதான் போக வேண்டும். அப்படியானால் முதலீடு 10 அல்ல, 15. ஏழாவது வருஷக் கடைசியில் அந்த 5 லட்சம் திரும்பிவிடும் என்றாலும் அதன் இன்றைய மதிப்பு 2.26 லட்சம்தான். திருத்திப் போட்டால் குறியீடு 1.09. முன்வரிசையில் இருந்த மில் கடைசிக்கு இறங்கியது. மெஷின் விலையை மட்டும் கீழே போட்டு வகுக்கிற கணக்கில் இந்த ஓட்டை எப்போதும் இருக்கும். சரக்கு வாங்கி வைக்க வேண்டிய தொழில்தான் இதில் அழகாகத் தெரியும்.

கடைசியில் வந்த வரிசை இது. விதை மெஷின் 1.43, டிரையர் 1.37, அறுவடை மெஷின் 1.28, குடோன் 1.23, உளுந்து மில் 1.09. அறுவடை மெஷினுக்கு ஐந்து வருஷம் கழித்து விற்கிற 8 லட்சத்தையும் சேர்த்திருக்கிறேன். குடோனுக்குப் பத்து வருஷம், மற்றவற்றுக்கு ஏழு.

சரி, மேலிருந்து எடுக்க வேண்டியதுதானே? விதை மெஷின் 8, டிரையர் 18. ஆக 26 லட்சம் போச்சு, மிச்சம் 14. அடுத்து அறுவடை மெஷினுக்கு 26 வேண்டும். முடியாது. குடோனுக்கு 22. முடியாது. உளுந்து மில்லுக்கு 15. ஒரு லட்சம் குறைகிறது! நல்ல திட்டங்கள் நிற்கும்போதே 14 லட்சம் சும்மா கிடக்கும். இரண்டு திட்டமும் சேர்ந்து தருகிற நிகர மதிப்பு 10.05 லட்சம்.

பாடப்புத்தகத்தில் இதைப் படித்தபோது நான் தாண்டிப் போன ஒரு நிபந்தனை இங்கேதான் நினைவுக்கு வந்தது. திட்டத்தைத் துண்டு போட முடிந்தால்தான் குறியீட்டு வரிசை கண்டிப்பாகச் சரியான விடை தரும். அறுவடை மெஷினில் பாதியை எந்தக் கடையில் விற்கிறார்கள்? துண்டாகாத திட்டங்களுக்கு வரிசையை நம்பி உட்கார முடியாது. 40 லட்சத்துக்குள் அடங்கும் கூட்டணிகளை எல்லாம் எழுதி, எதன் மொத்த நிகர மதிப்பு அதிகம் என்று பார்க்க வேண்டும். ஐந்து திட்டத்துக்கு ஒரு பக்கத் தாள் போதும்.

தலைவர் சொன்னபடி பெரியதில் தொடங்கினால் அறுவடை மெஷினும் விதை மெஷினும், 34 லட்சம், நிகர மதிப்பு 10.79. டிரையரும் குடோனும் சரியாக 40 லட்சம், 11.76. இதுதான் எல்லாவற்றிலும் மேல். குறியீட்டில் முதலிடம் பிடித்த விதை மெஷின் இந்தக் கூட்டணியில் இல்லவே இல்லை. அதைச் சேர்த்தால் வெளியே போவது ஒரு முழுக் குடோன். கூட்டத்தில் இதைச் சொன்னபோது, "முதல் மார்க் வாங்குன பிள்ளைய ஏன் தம்பி வெளிய நிறுத்துறீங்க?" என்று கேட்டார்கள். பதில் சொல்ல அரைமணி நேரம் ஆனது.

அப்புறம் தலைவர் ஒரு யோசனை சொன்னார். மெஷினைத் துண்டு போட முடியாவிட்டால் பங்கு போடலாமே? திருத்துறைப்பூண்டி பக்கம் இன்னொரு நிறுவனமும் அறுவடை மெஷினுக்கு அலைந்துகொண்டிருந்தது. பாதி பங்குக்கு 13 லட்சம். விதை மெஷின், டிரையர், பாதி மெஷின் சேர்த்து 39 லட்சம். கணக்குப்படி 13.74 வந்தது. டிரையர், குடோன் கூட்டணியை இரண்டு லட்சம் விஞ்சியது. குறியீட்டு வரிசையும் மறுபடி உயிர் பெற்றுவிட்டது.

ஆனால் பாதி விலை கொடுத்தால் பாதி வருமானம் வருமா? அவர்கள் கடைமடை. அங்கே பெரும்பாலும் சம்பா ஒரு போகம். எங்களுக்குக் குறுவையும் தாளடியும் உண்டு. குறுவை அறுக்கும் புரட்டாசி, ஐப்பசியில் அவர்களுக்கு மெஷின் வேண்டியதில்லை, அது எங்களுக்கு வசதி. மோதல் தை, மாசியில். அவர்கள் சம்பா அறுக்கும்போது எங்கள் பக்கத்துச் சம்பாவும் சாய்ந்து நிற்கும். வாடகை மெஷின் ஓடிய நாட்களைப் பழைய ரசீதுகளில் எண்ணிப் பார்த்தேன். பாதி பங்குக்கு வருஷம் 4 லட்சம் என்பது 3.6-க்கு மேல் நிற்கவில்லை. அப்படியானால் மொத்தம் 12.30. பங்கின் வருஷ வருமானம் 3.45 லட்சத்துக்குக் கீழே போனால் டிரையர், குடோன் கூட்டணியிடம் தோற்றுவிடும். 15,000 ரூபாய் இடைவெளி. தை மாதத்தில் ஒரு வாரம் மழை பிடித்தால் போதும்.

அதற்குள் எங்கள் குழுவில் இருக்கும் அக்கா ஒருவர் வேறொரு கேள்வி போட்டார். "காய வெச்ச நெல்ல எங்க போடுவீங்க?" நேரடிக் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம் வரைதான் எடுப்பார்கள், தளர்வு அறிவித்தால் ஒழிய. டிரையரில் காய வைத்துவிட்டாலும் முறை வரும்வரை மூட்டை தார்ப்பாய்க்குள் கிடந்தால், வடகிழக்குப் பருவமழையில் மறுபடி ஈரம் ஏறும். பக்கத்திலேயே குடோன் இருந்தால் ஆட்கள் கூலிக்குக் காய வைத்து அங்கேயே வாடகைக்கு மூட்டையைப் போட்டுவிட்டுப் போவார்கள். டிரையருக்கும் வேலை கூடும், குடோனும் மழைக்காலத்தில் காலியாக நிற்காது.

நான் ஐந்தையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத திட்டங்களாகப் போட்டிருந்தேன். குறியீடும் அப்படித்தான் பார்க்கும். டிரையரையும் குடோனையும் ஒரே திட்டமாகச் சேர்த்து, வருஷத்துக்கு 50,000 ரூபாய் கூடுதல் வரவு என்று அடக்கமாகப் போட்டேன். ஏழு வருஷத்துக்கு 2.28 லட்சம். 11.76 என்பது 14.04 ஆனது. அறுவடை மெஷின் பங்கு எந்தத் தகராறும் இல்லாமல் போனாலும் கிடைக்கும் 13.74-ஐ விடவும் அதிகம். அந்தக் கூட்டத்திலேயே முடிவானது. தலைவர் முகம் கொஞ்சம் சுருங்கினாலும் கையெழுத்துப் போட்டார்.

ஒன்றை நான் கவனிக்காமல் விட்டேன். 18-ம் 22-ம் சரியாக 40. மிச்சம் ஒரு ரூபாய் இல்லை. குடோன் கட்ட வந்த மேஸ்திரி இடத்தைப் பார்த்துவிட்டு, மழையில் இங்கே தண்ணீர் நிற்கும், தரையை இரண்டடி உயர்த்த மண் அடிக்க வேண்டும் என்றார். 45,000 ரூபாய். மதிப்பீட்டில் அந்த வரியே இல்லை. கடைசியில் அக்கா உட்பட ஏழு பேர் கூடுதல் பங்குத் தொகை கட்டினார்கள். மண் அடித்து முடித்த மூன்றாம் நாள் மழை பிடித்தது.