பதிவுக்கு 2.50 வெள்ளி, முதல் அனுப்பலுக்கு 80 வெள்ளி: ஒரு விளம்பரக் கணக்கு

சிங்கப்பூரில் வேலை செய்கிறவர்கள் ஊருக்குப் பணம் அனுப்பும் செயலி ஒன்றுக்கு விளம்பரம் பார்த்துக்கொள்வது என் வேலை. வேலை பெர்மிட்டில் இருக்கும் கட்டுமான, கப்பல் பட்டறைத் தொழிலாளர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள், அவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஒரு பதிவுக்கு எவ்வளவு செலவாகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்த நாங்கள், முதல் தடவை உண்மையில் காசு போட்டு அனுப்பியவருக்கு எவ்வளவு செலவானது என்று பார்க்கத் தொடங்கிய கதையை எழுதுகிறேன். இதே மாதிரி வேலையில் இருக்கிறவர்களுக்கு உதவும்.

ஒரு மாதம் 12ஆம் தேதி இரண்டு விளம்பரங்களை ஃபேஸ்புக்கில் விட்டோம். இரண்டு வாரம் ஓடின, ஒவ்வொன்றுக்கும் 3,000 சிங்கப்பூர் வெள்ளி. ஒன்று வவுச்சர் விளம்பரம்: பதிவு செய்தால் முதல் அனுப்பலில் 5 வெள்ளி கழிவு. இன்னொன்று ரேட் விளம்பரம்: இன்றைக்கு 500 வெள்ளி அனுப்பினால் கட்டணம் போக ஊரில் வீட்டில் இருப்பவர் கணக்கில் எத்தனை ரூபாய் ஏறும் என்பதை மட்டும் பெரிய எழுத்தில் போட்டிருந்தோம். வவுச்சரில் 1,200 பேர் பதிந்தார்கள், ஆளுக்கு 2.50 வெள்ளி. ரேட்டில் 375 பேர்தான், ஆளுக்கு 8 வெள்ளி. பழைய கணக்குப்படி ரேட் விளம்பரத்தை அன்றைக்கே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தச் சொல்லி மேலிருந்து கேட்கவும் செய்தார்கள். நான் நாற்பது நாள் அவகாசம் கேட்டேன்.

ஏன் நாற்பது நாள் என்றால், இங்கே சம்பள காலம் முடிந்த ஏழு நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். அதனால் நிறைய கம்பெனிகளில் மாதத்தின் முதல் வாரத்தில் சம்பளம் விழுகிறது, அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் பெரும்பாலானவர்கள் ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். 12ஆம் தேதிக்கு மேல் விளம்பரம் பார்த்து ஒருவர் பதிந்தால் அந்த மாதக் காசு ஏற்கெனவே போய்விட்டிருக்கும், அவர் நம்மிடம் அனுப்புவதாக இருந்தால் அது அடுத்த சம்பளத்தில்தான். பதிந்த ஏழு நாளில் எடுத்த கணக்கில் வவுச்சரில் 12 பேர், ரேட்டில் 15 பேர் மட்டுமே அனுப்பியிருந்தார்கள். அந்த எண்ணை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது, இரண்டுமே தோல்வி என்றுதான் தோன்றும். ஆகவே பதிந்த நாளிலிருந்து ஒவ்வொருவருக்கும் ஒரு முழு சம்பள நாளாவது கடந்து போகும் அளவுக்கு நாற்பது நாள் என்று வைத்தோம்.

நாற்பது நாள் முடிந்ததும் எங்கள் டாஷ்போர்டில் வவுச்சருக்கு 71 அனுப்பல்கள், ரேட்டுக்கு 112 என்று வந்தது. மகிழ்ச்சியாகத்தான் இருந்தது, ஆனால் கணக்குப் பிரிவில் இருக்கும் அக்காவிடம் வங்கிக் கணக்கில் உண்மையில் வந்த வரவுகளின் பட்டியலைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு அனுப்பலாக ஒப்பிட்டுப் பார்த்தேன். வவுச்சரில் 40, ரேட்டில் 75. மீதி 68 அனுப்பல்களுக்குக் காசு வரவே இல்லை, அல்லது வந்து திரும்பிப் போயிருந்தது.

காரணம் எளிமையானது. செயலியில் 'உறுதி செய்' பொத்தானை அழுத்தியதுமே `Purchase` என்ற நிகழ்வு, அதாவது காசு கொடுத்தாயிற்று என்ற தகவல், போய்விடும்படி எழுதியிருந்தார்கள். கடையில் பொருள் வாங்கும் செயலிகளில் அந்த இடத்திலேயே கார்டில் காசு பிடித்துவிடுவார்கள், அங்கே அது சரி. எங்களிடம் உறுதி செய்த பிறகுதான் வங்கியிலிருந்து வங்கிக்குக் காசு போடும் பேநவ் முறையின் கியூஆர் படம் வரும், அதை வைத்து அவர் தன் வங்கிச் செயலிக்குப் போய் எங்களுக்குக் காசு போட வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஆள் கழன்றுகொள்கிறார்.

எங்கே கழல்கிறார் என்று அலுவலகத்தில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது என்பதால் இரண்டு ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்காவுக்குப் போனேன். அங்கே புல்வெளியில் உட்கார்ந்திருந்த ஒரு தம்பி, புதுக்கோட்டைப் பக்கம், எங்கள் செயலியைத் திறந்து காட்டினார். பெர்மிட் சரிபார்ப்பு முடிந்திருக்கிறது, மனைவியின் கணக்கு சேர்த்திருக்கிறார், 600 வெள்ளி போட்டு உறுதி செய்து கியூஆர் வரை வந்துவிட்டார். போனைத் திருப்பி என்னிடம் காட்டி, "அண்ணே, இந்தப் படம் என் போன்லயே இருக்கு, இதை எந்தப் போன வெச்சு ஸ்கேன் பண்றது?" என்று கேட்டார். அவர் கேட்டது நூறு சதவீதம் நியாயம். அந்தப் படத்தை கேலரியில் சேமித்து, வங்கிச் செயலியில் ஸ்கேன் பக்கத்தைத் திறந்து, கேலரியிலிருந்து அதை எடுக்க வேண்டும். எங்கள் திரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த வாரம் அவர் வழக்கமான கடைக்குப் போய் வரிசையில் நின்று அனுப்பிவிட்டார்.

அங்கே பார்த்த இன்னொருவர் அறை நண்பரின் வங்கிக் கணக்கிலிருந்து காசு போட்டிருந்தார். பதிந்தவர் பெயரும் காசு வந்த கணக்கின் பெயரும் வேறு என்றால் நாங்கள் ஏற்பதில்லை, பணமோசடித் தடுப்பு விதிகளுக்காக வைத்திருக்கும் கட்டுப்பாடு அது. காசு திருப்பி அனுப்பப்பட்டது, அவர் மறுபடி முயலவில்லை. இவரையும் டாஷ்போர்டு வெற்றி என்றுதான் எண்ணியிருந்தது.

இதற்குப் பிறகு 'முதல் ஃபண்டட்' என்றால் என்ன என்று எழுதி வைத்துக்கொண்டோம்: அவருடைய சொந்தக் கணக்கிலிருந்து காசு எங்கள் கணக்கில் ஏறி, அனுப்பலோடு பொருந்தி, திருப்பி அனுப்பப்படாமல் இருக்க வேண்டும். அதோடு அவருடைய பெர்மிட்டில் இருக்கும் ஃபின் அடையாள எண்ணில் இதற்கு முன் ஒரு அனுப்பலும் இருக்கக் கூடாது, ஏனென்றால் சிம் மாற்றி மறுபடி பதிகிற பழைய வாடிக்கையாளர்களும் விளம்பரத்தின் கணக்கில் புதியவர்களாக வந்துவிடுகிறார்கள். இந்த நிகழ்வைச் செயலியிலிருந்து அனுப்புவதை நிறுத்திவிட்டு, வங்கி வரவு பொருந்திய பிறகு எங்கள் சர்வரிலிருந்து அனுப்பினோம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ரேட் விளம்பரம் 3,000 வெள்ளிக்கு 75 பேர், ஆளுக்கு 40 வெள்ளி. வவுச்சர் 3,000 வெள்ளிக்கு 40 பேர், அதாவது 75 வெள்ளி, அந்த 40 பேருக்கும் கொடுத்த 5 வெள்ளிக் கழிவையும் சேர்த்தால் 80. பதிவில் மூன்று மடங்கு மலிவாகத் தெரிந்த விளம்பரம் இங்கே இரண்டு மடங்கு விலை. வவுச்சரில் பதிந்த 1,200 பேரில் 500 பேர்தான் பெர்மிட் சரிபார்ப்பையே முடித்திருந்தார்கள்.

அடுத்த சிக்கல், விளம்பரத் தளத்துக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது. ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவில் வழக்கமாக வைக்கும் அமைப்பில் கிளிக் செய்த ஏழு நாளுக்குள், அல்லது பார்த்த ஒரு நாளுக்குள் நடந்தது மட்டுமே விளம்பரத்தின் கணக்கில் சேரும். எங்கள் 75 பேரில் முக்கால்வாசிப் பேர் அந்த ஏழு நாளுக்குப் பிறகு அனுப்பியவர்கள், ஆகவே தளத்துக்கு அவர்கள் இல்லவே இல்லை. போதாததற்கு ஒரு விளம்பரத் தொகுப்பு ஒழுங்காகக் கற்றுக்கொள்ள வாரத்துக்குச் சுமார் 50 நிகழ்வுகளாவது வேண்டும் என்று அவர்களே சொல்கிறார்கள். வாரத்துக்கு ஏழெட்டு ஃபண்டடை வைத்துக்கொண்டு அது எதையும் கற்க முடியாது.

எனவே சீக்கிரம் நடக்கிற, ஆனால் ஃபண்டடோடு ஒட்டிப் போகிற ஓர் இடைப்படியைத் தேடினோம். முதலில் பெர்மிட் சரிபார்ப்பு முடிந்ததை எடுக்கலாம் என்று நினைத்தேன். கணக்குப் போட்டால் வவுச்சரில் சரிபார்ப்பு முடித்த 500 பேரில் 40 பேர் அனுப்பியிருக்கிறார்கள், 8 சதவீதம். ரேட்டில் 240 பேரில் 75, அது 31 சதவீதம். இப்படி விளம்பரத்துக்கு விளம்பரம் விகிதம் மாறுகிற படியைக் கொடுத்தால் தளம் மறுபடியும் வவுச்சர் ஆட்களைத்தான் தேடிக் கொண்டுவரும். அப்புறம் பெறுநரின் வங்கிக் கணக்கைச் சேர்த்தவர்களைப் பார்த்தோம். வவுச்சரில் 60 பேர் சேர்த்து 40 பேர் அனுப்பினார்கள், ரேட்டில் 110 பேர் சேர்த்து 75 பேர். இரண்டிலும் மூன்றில் இரண்டு பங்கு. இது புரியக்கூடியதுதான், வீட்டுக்குப் போன் செய்து பாஸ்புக்கை எடுக்கச் சொல்லி, கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டையும் கேட்டு எழுதிப் போடுகிற ஆள் அனுப்பத்தான் போகிறார். அதுவும் பதிந்த இரண்டு மூன்று நாளுக்குள் நடந்துவிடுகிறது. இந்தப் படியைத் தளத்துக்குக் கொடுத்தோம், வயதுவாரியாகச் சிதறிக் கிடந்த ஐந்து தொகுப்புகளை ஒன்றாக்கினோம், வாரத்துக்கு ஐம்பதைத் தொட முடிந்தது. ஆனால் எந்த விளம்பரம் நல்லது என்ற தீர்ப்பை மட்டும் எங்கள் வங்கிக் கணக்குப் பட்டியலிடமே வைத்துக்கொண்டோம், மூன்றில் இரண்டு என்ற விகிதம் குலைகிறதா என்று மாதம் ஒருமுறை சரிபார்க்கிறோம்.

சரி, 40 வெள்ளி கட்டுப்படியாகுமா? ஓர் அனுப்பலில் எல்லாச் செலவும் போக எங்களுக்குச் சுமார் 4 வெள்ளி நிற்கும், மாதம் ஒரு தடவை அனுப்புகிறவர் பத்து மாதம் இருந்தால்தான் போட்ட காசு திரும்பும். அதனால் இரண்டாவது மாதமும் அனுப்பினார்களா என்று பார்த்தோம். ரேட்டில் வந்த 75 பேரில் 51 பேர் அனுப்பினார்கள். வவுச்சரில் வந்த 40 பேரில் 14 பேர்தான், முதல் தடவை 20, 30 வெள்ளி மட்டும் அனுப்பிக் கழிவை எடுத்துக்கொண்டவர்கள் அதில் நிறைய இருந்தார்கள். வவுச்சர் விளம்பரத்தை அதோடு நிறுத்தினோம்.

அந்தத் தம்பி கேட்ட கேள்விக்கு வருகிறேன். கியூஆர் திரையில் 'படத்தைச் சேமி' என்று ஒரு பொத்தான் வைத்து, வங்கிச் செயலியில் அதை எப்படி எடுப்பது என்று மூன்று படங்களைத் தமிழில் போட்டோம். கூடவே உங்கள் பெயரில் உள்ள கணக்கிலிருந்தே அனுப்புங்கள் என்று ஒரு வரி. அதே ரேட் விளம்பரத்தை, அதே 3,000 வெள்ளிக்கு அடுத்த மாதம் விட்டபோது உறுதி செய்த அனுப்பல்கள் ஏறக்குறைய முன்போலவே 112, காசு ஏறியது 90 பேருக்கு. விளம்பரத்தில் ஓர் எழுத்தையும் மாற்றாமல் 40 வெள்ளி 33 வெள்ளியாக இறங்கியது.