"சரி" என்று காட்டிய செலவுத்தாள்: பயணச் செலவு க்ளெய்ம் படிவத்தைத் திருத்திய அனுபவம்

எங்கள் கணக்குப் பிரிவில் பயணச் செலவு க்ளெய்ம்களைச் சரிபார்ப்பது என் வேலை. ஊழியர்கள் நிரப்பி அனுப்பும் எக்செல் தாளில், ஒவ்வொரு வரியின் கடைசியிலும் "சரி" அல்லது "வரம்பு மீறல்" என்று தானாகவே காட்டும் ஒரு பத்தி இருந்தது. எனக்கு முன்பு அந்த இடத்தில் இருந்தவர் அமைத்தது அது. சிவப்பு நிறம் இல்லாத தாள்களை நான் பில்களோடு ஒருமுறை ஒப்பிட்டுவிட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன். உள்தணிக்கைக்கு வந்தவர் ஒரு தாளைக் காட்டி, "உள்ளூர்ப் பயணத்துக்கு ஒரு நாள் வரம்பு 500 தானே, 2150 எப்படிச் சரியாயிற்று?" என்று கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை.

எங்கள் விதிகள் எளியவை. தங்குமிடத்துக்கு ஓர் இரவுக்கு 4000, உணவுக்கு ஒரு நாளைக்கு 800, உள்ளூர்ப் பயணத்துக்கு ஒரு நாளைக்கு 500 என்று வரம்புகள் உண்டு. இவற்றுக்குப் பில் வேண்டும். செலவு, வரம்பு இரண்டில் எது குறைவோ அதுவே கிடைக்கும். இவை தவிர, சில்லறைச் செலவுகளுக்காக ஒரு நாளைக்கு 300 தினப்படி உண்டு. அதற்குப் பில் தேவையில்லை. எவ்வளவு செலவானாலும், செலவே ஆகாவிட்டாலும், அந்தத் தொகை கிடைக்கும். வரம்பும் படியும் இரு வேறு கணக்குகள் என்பதைப் பழைய தாள் கருத்தில் கொள்ளாமல், எல்லாவற்றையும் ஒரே ஃபார்முலாவில் அடைத்திருந்தது:

```
=IF(D2>IFERROR(VLOOKUP(B2,Limits!A:C,3,FALSE),""),"வரம்பு மீறல்","சரி")
```

B பத்தியில் செலவு வகை, D பத்தியில் கேட்ட தொகை. பார்வைக்குக் குற்றமில்லாத ஃபார்முலாதான். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த 2150 வரியில் வகையின் பெயரை அழுத்திப் பார்த்தபோதுதான், "உள்ளூர்ப் பயணம்" என்பதற்குப் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. வேறெங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டியிருக்கிறார். கீழிறங்கு பட்டியல் வைத்திருந்தோமே என்று தோன்றலாம். ஒட்டினால் அந்தக் கட்டுப்பாடு செல்லில் இருந்தே போய்விடும். இடைவெளி இருந்ததால் `VLOOKUP` வரம்பு அட்டவணையில் அந்த வகையைக் காணவில்லை. பிழை வந்திருக்க வேண்டிய இடத்தில் `IFERROR` அதை விழுங்கி, வெற்று உரையைத் திருப்பித் தந்தது. எக்செல் ஓர் எண்ணையும் உரையையும் ஒப்பிட்டால் எப்போதும் உரையையே பெரிதாகக் கொள்ளும். ஆகவே 2150 வெற்று உரையைவிடப் பெரிதல்ல, 2 லட்சமும் பெரிதல்ல. வகை கிடைக்காத வரி ஒவ்வொன்றும், தொகை என்னவாக இருந்தாலும், "சரி" என்றே வரும். தாளை அழகாகக் காட்டுவதற்காகச் சேர்த்த `IFERROR` தாளின் கண்ணைக் கட்டிவிட்டது.

அந்த ஒரு தாளையே எடுத்துக்கொண்டு, கால்குலேட்டரில் கையால் கணக்குப் போட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். ஊழியர் திங்கள் இரவு 8 மணிக்குப் புறப்பட்டு, செவ்வாய், புதன் இரவுகள் விடுதியில் தங்கி, வியாழன் இரவு கிளம்பி, வெள்ளி காலை 9 மணிக்குத் திரும்பியிருந்தார். தாள் "சரி" என்று சொன்ன இடங்களில் சில தவறு, "வரம்பு மீறல்" என்று சொன்ன இடத்தில் பாதிதான் உண்மை என்று மெல்லத் தெரிய வந்தது.

விடுதி பில் 8960. ஒரே பில் என்பதால் ஒரே வரியில் எழுதியிருந்தார். தாள் அதை ஓர் இரவு வரம்பான 4000 உடன் ஒப்பிட்டு மீறல் என்று சிவப்பு காட்டியிருந்தது. இரண்டு இரவுகள் என்பது அதற்குத் தெரியாது. அனுமதி 8000 என்று கொண்டாலும் 960 மிஞ்சியது. பில்லை விரித்துப் பார்த்தால் அறை வாடகை சரியாக 4000 வீதம் 8000. மிச்சம் 960 முழுவதும் வரி. வரம்பு வரியையும் சேர்த்தா, சேர்க்காமலா என்று எங்கள் விதியில் ஒரு வார்த்தைகூட இல்லை. இதற்கு ஃபார்முலாவில் விடை தேடிப் பயனில்லை என்பதால் நிதி மேலாளரிடம் போனேன். வாடகைக்கு மட்டுமே வரம்பு, வரி தனி வகையாக முழுவதும் வழங்கப்படும் என்று அவர் எழுதித் தந்தார். வேறு நிறுவனத்தில் இதற்கு நேர்மாறாகவும் முடிவு செய்யலாம். எழுத்தில் இருக்க வேண்டும் என்பதே முக்கியம்.

உணவில் பிரச்சினை எதிர்த்திசையில் இருந்தது. புதன்கிழமைக்கு 350, 300, 280 என்று மூன்று பில்கள். ஒவ்வொன்றும் 800 க்குள் இருப்பதால் மூன்றுக்கும் "சரி". ஆனால் வரம்பு பில்லுக்கு அல்ல, நாளுக்கு. மொத்தம் 930, அதாவது 130 அதிகம். வரி வரியாகப் பார்க்கும் எந்தத் தாளும் இதைப் பிடிக்காது. ஏமாற்றும் எண்ணம் இல்லாதவர்கூட மூன்று வேளை சாப்பிட்டால் மூன்று பில் வைக்கத்தான் செய்வார் என்பதால், இது மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் போயிருக்கிறது.

தினப்படிதான் அதிக நேரம் எடுத்தது. திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து தேதிகள் என்பதால் ஊழியர் 5 நாளுக்கு 1500 கேட்டிருந்தார். விதியோ, 6 மணி நேரத்துக்குக் குறைந்தால் படி இல்லை, 6 முதல் 12 மணி வரை அரைப்படி, 12 க்கு மேல் முழுப்படி என்கிறது. காலண்டர் நாளாக எண்ணினால், திங்கள்கிழமை 4 மணி நேரம்தான், படி இல்லை. செவ்வாய், புதன், வியாழன் மூன்று முழு நாட்கள். வெள்ளி 9 மணி நேரம், அரை நாள். ஆக 3.5 நாள், 1050. புறப்பட்ட நேரத்திலிருந்து 24 மணி நேரத்தை ஒரு நாளாக எண்ணினால், மொத்தம் 85 மணி நேரம். மூன்று முழு நாட்கள் போக மிச்சம் 13 மணி நேரம், அதுவும் முழுப்படி. ஆக 4 நாள், 1200. ஒரே பயணம், ஒரே விதி, மூன்று தொகைகள். இதையும் மேலாளரிடமே கொண்டுபோனேன். புறப்பட்ட நேரத்திலிருந்து எண்ணுவது என்று முடிவானது. இதனால் புதிய தாளில் புறப்பட்ட, திரும்பிய தேதியையும் நேரத்தையும் எழுதத் தலைப்பிலேயே இரண்டு செல்கள் வைத்தேன். நாட்களின் எண்ணிக்கையை ஊழியர் நிரப்ப முடியாது, தாளே கணக்கிடும்.

இந்த முடிவுகள் கையில் வந்த பிறகு பில் உள்ள செலவுகளுக்கான பத்திகளை மாற்றி அமைத்தேன். A தேதி, B வகை, C எண்ணிக்கை (விடுதிக்கு இரவுகள், மற்றவற்றுக்கு 1), D கேட்ட தொகை, E வரம்பு, F அனுமதிக்கத்தக்கது, G மிகை.

```
E2: =VLOOKUP(B2,Limits!$A$2:$C$9,3,FALSE)*C2
F2: =MAX(0,MIN(D2,E2-SUMIFS(F$1:F1,A$1:A1,A2,B$1:B1,B2)))
G2: =D2-F2
```

F பத்தியில் உள்ள `SUMIFS`, அதே தேதியில் அதே வகைக்கு மேல் வரிகளில் ஏற்கெனவே அனுமதித்ததைக் கூட்டி, வரம்பில் மீதி எவ்வளவு என்று பார்க்கிறது. புதன்கிழமை உணவுக்கு இப்போது 350, 300, 150 என்று அனுமதி வந்து, மூன்றாவது வரியின் மிகையில் 130 நிற்கிறது. E பத்தியில் வேண்டுமென்றே `IFERROR` போடவில்லை. வகை கிடைக்காவிட்டால் `#N/A` வரட்டும். மொத்தம் வரையில் அது பரவி, யாராவது கேட்கும்படி ஆகட்டும் என்று விட்டேன்.

பெருமையாக இருந்தது, இரண்டு நாள்தான். அடுத்து வந்த ஒரு தாளில் மிகைப் பத்தியில் -350 என்று இருந்தது. மிகை எப்படிக் குறைவாக இருக்கும்? கேட்ட தொகை 450; அனுமதித்தது 800. கேட்டதைவிட அதிகம் கொடுக்கும் தாளை நான் செய்துவைத்திருக்கிறேன். காரணம், அந்த 450 உரையாக ஒட்டப்பட்டிருந்தது. `MIN` ஒரு செல்லைச் சுட்டும்போது அதில் உரை இருந்தால் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாது. ஆகவே மிச்சம் இருந்த 800 மட்டுமே குறைந்தது என்று வந்துவிட்டது. கழித்தல் மட்டும் அந்த உரையை எண்ணாக மாற்றிக் கணக்கிட்டதால்தான் -350 வெளியே தெரிந்தது. அதன் பிறகு குறிப்புப் பத்தியில் முதல் கேள்வியாகவே, தொகை எண்தானா என்று கேட்டுவிடுகிறேன்:

```
=IF(NOT(ISNUMBER(D2)),"தொகை எண் அல்ல",IF(ISNA(E2),"வகை இல்லை",IF(G2>0,"வரம்பு மீறல்","சரி")))
```

இன்னொரு விஷயத்தில் எனக்கும் எங்கள் பிரிவில் சிலருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. வரம்புக்கு மேற்பட்டதை D பத்தியிலேயே குறைத்து எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்றார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. கேட்ட தொகை பில்லோடு பொருந்த வேண்டியது. அதைத் திருத்தினால் பில்லுக்கும் தாளுக்கும் தொடர்பு அறுந்துவிடும், ஏன் குறைத்தோம் என்பதும் மறைந்துவிடும். மேலும், "வரம்பு மீறல்" என்பது நிராகரிப்பு அல்ல, ஒருவர் பார்த்து முடிவு செய்ய வேண்டிய வரி என்பதற்கான அடையாளம் மட்டுமே. அதனால் மிகைக்கு அடுத்து இரண்டு பத்திகள் சேர்த்தேன்: ஊழியர் எழுதும் காரணம், ஒப்புதல் தருபவர் நிரப்பும் அனுமதித்த மிகை. வழங்கும் தொகை என்பது F பத்தியும் அந்த அனுமதித்த மிகையும் சேர்ந்தது.

அந்தப் பழைய தாளையே புதிய படிவத்தில் இட்டு ஊழியருக்குத் திருப்பி அனுப்பினேன். உணவில் 130 ஐயும் தினப்படியில் 300 ஐயும் அவர் மறுபேச்சின்றி விட்டுக்கொடுத்தார். டாக்சி 2150 இல் 500 போக மிகை 1650. அதற்கு, கடைசி வண்டியைத் தவறவிட்டதால் டாக்சியில் போக அன்றே மேலதிகாரி தந்த ஒப்புதல் மின்னஞ்சலை இணைத்திருந்தார். அது முழுவதும் வழங்கப்பட்டது. தணிக்கையாளர் கேட்ட கேள்விக்கு அந்த மின்னஞ்சல் அன்றே பதிலாக இருந்திருக்கும். தாள் "சரி" என்று சொல்லிவிட்டதால் அதை யாரும் கேட்கவே இல்லை.

இப்போது வரம்பு அட்டவணையில் ஓர் எண் மாறினாலும், படிவத்தை வெளியிடும் முன் நான்கு சோதனை வரிகளை இட்டுப் பார்க்கிறேன்: பின்னால் இடைவெளி உள்ள ஒரு வகை, உரையாக இட்ட ஒரு தொகை, ஒரே நாளில் மூன்று உணவு பில்கள், இரண்டு இரவுகளுக்கு ஒரே விடுதி பில். முதலாவது "வகை இல்லை", இரண்டாவது "தொகை எண் அல்ல", மூன்றாவதில் கடைசி வரி மட்டும் "வரம்பு மீறல்", நான்காவது "சரி" என்று வந்தால்தான் தாள் ஊழியர்களுக்குப் போகும்.