கொடிக்கம்பமும் நிழலும்: அறிவியல் விளக்கம் பற்றிய குறிப்புகள்

மார்ச் 14

அறிவியல் விளக்கம் என்பது என்ன என்று தத்துவத்தில் நடக்கும் விவாதத்துக்கு, கார்ல் ஹெம்பலும் பால் ஓப்பன்ஹைமும் 1948-இல் எழுதிய கட்டுரைதான் தொடக்கப் புள்ளி. ஒரு நிகழ்வை அறிவியல் முறையில் விளக்குவது என்றால் என்ன? ஒன்றோ பலவோ இயற்கை விதிகளையும், அந்த இடத்தின் குறிப்பான நிலைமைகளையும் எடுத்துக்கொண்டு, நிகழ்வைப் பற்றிய வாக்கியத்தை அவற்றிலிருந்து தர்க்கப்படி பெறுவதுதான் என்றார்கள் அவர்கள். இதைத்தான் டிடக்டிவ்-நோமலாஜிக்கல் மாதிரி என்கிறோம். இங்கே விதிவழி விளக்கம் என்று எழுதுகிறேன்.

நிபந்தனைகள் நான்கு. முடிவு தர்க்கப்படி கிடைக்க வேண்டும். அதைப் பெற ஒரு விதியாவது உண்மையிலேயே தேவைப்பட வேண்டும். எடுத்துவிட்டால் வாதம் நிற்கக் கூடாது. விதிகளையும் நிலைமைகளையும் சொல்லும் வாக்கியங்கள் அனுபவத்தில் சோதிக்கத் தக்கவையாக இருக்க வேண்டும். கடைசியாக, அவை உண்மையாகவும் இருக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இடம் நியூயார்க், அட்சரேகை சுமார் 40.75 பாகை. பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளில் சூரியன் உச்சிக்கு வரும்போது அதன் ஏற்றக்கோணம் 90-லிருந்து 40.75 போக 49.25 பாகை. சமதளத்தில் செங்குத்தாக 10 மீட்டர் கொடிக்கம்பம் ஒன்று நிற்கிறது. L நிழலின் நீளம், h கம்பத்தின் உயரம், θ சூரியனின் ஏற்றக்கோணம்.

```
L = h / tan θ
L = 10 / 1.16 = 8.6 மீட்டர்
```

இதில் விதி எது? பலர் tan சூத்திரத்தைக் காட்டுவார்கள். அது வெறும் வடிவியல். அதை எந்த அனுபவமும் பொய்யாக்க முடியாது. ஒளி நேர்கோட்டில் செல்கிறது என்பதுதான் இங்கே விதி. அதை எடுத்துவிட்டால் முக்கோணமே உருவாகாது. நிழல் ஏன் 8.6 மீட்டர் என்பதற்கு இது நல்ல விளக்கம். நான்கு நிபந்தனைகளும் நிறைவேறிவிட்டன.

மார்ச் 15

இனி அதே சமன்பாட்டைத் திருப்பிப் போடலாம். நிழலை அளந்தால் 8.6 மீட்டர், கோணம் 49.25. இரண்டையும் சமன்பாட்டில் வைத்தால் கம்பத்தின் உயரம் 10 மீட்டர் என்று வந்துவிடுகிறது. விதி அதேதான், தர்க்கம் அதேதான், எல்லா வாக்கியங்களும் உண்மை. நான்கு நிபந்தனைகளில் ஒன்றுகூட மீறப்படவில்லை. ஆனால் “இந்தக் கம்பம் ஏன் 10 மீட்டர்?” என்று கேட்பவரிடம் “நிழல் 8.6 மீட்டராக இருப்பதால்” என்று யாரும் சொல்ல மாட்டோம். நிழலை வைத்து உயரத்தைக் கண்டுபிடிக்கலாம். உயரத்துக்கு அது காரணம் ஆகாது.

மூன்றாவது திசை ஒன்றும் உண்டு, அதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. உயரமும் நிழலும் தெரிந்தால் சூரியனின் கோணம் கிடைத்துவிடும். சூரியன் 49.25 பாகையில் இருப்பதற்குக் கம்பத்தையும் நிழலையும் காரணமாகக் காட்டுவது இன்னும் அபத்தம். ஆக ஒரே சமன்பாட்டில் மூன்று வருவிப்புகள், அவற்றில் ஒன்று மட்டுமே விளக்கம். எது என்று சொல்ல ஹெம்பலின் மாதிரியிடம் எந்த வழியும் இல்லை. தர்க்கத்துக்குத் திசை தெரியாது. விளக்கத்துக்குத் திசை இருக்கிறது.

இந்த ஆட்சேபம் தத்துவ அறிஞர் சில்வைன் ப்ராம்பெர்கருடையது. 1966-இல் வெளியான கட்டுரையில் அவர் எடுத்துக்கொண்டது எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை. தெருவில் ஓரிடத்திலிருந்து கட்டடத்தின் உச்சி தெரியும் கோணத்தையும் தூரத்தையும் கொண்டு உயரத்தை வருவித்தார். கம்பமும் நிழலும் அதன் எளிய வடிவம். பாடநூல்களில் அதுவே நிலைத்துவிட்டது.

மார்ச் 17

மாதிரியைக் காப்பாற்ற மாணவர்கள் முதலில் சொல்லும் பதில்: நிழலிலிருந்து உயரம் துல்லியமாகக் கிடைக்காதே! உண்மைதான். சூரியன் ஒரு புள்ளி அல்ல, அரைப் பாகை அகலமுள்ள வட்டு. நம் கம்பத்தின் நிழல் நுனியில் அதனால் சுமார் 16 சென்டிமீட்டர் நீளத்துக்கு மங்கல் இருக்கும். எங்கே நிழல் முடிகிறது என்று சொல்வது கடினம். ஆனால் இது அளவிடுவதில் வரும் சிக்கல். மங்கல் இல்லாமல் மில்லிமீட்டர் சுத்தமாக அளந்தாலும் நிழல் உயரத்துக்கு விளக்கம் ஆகிவிடாது.

இரண்டாவது பதில் இதைவிட வலுவானது: விளக்குவது முன்னால் வர வேண்டும், விளக்கப்படுவது பின்னால் வர வேண்டும் என்று ஒரு கால நிபந்தனையைச் சேர்த்துவிடலாம். கம்ப நுனியைத் தாண்டிய ஒளி தரையைத் தொட 40 நானோவினாடிக்கு மேல் ஆகும், அதனால் நிழல் கொஞ்சம் பிந்தியதுதான். கம்பம் தப்பித்தது. ஆனால் பாரோமீட்டரை என்ன செய்வது? அதன் அளவு சட்டென்று இறங்குகிறது, பிறகு புயல் வருகிறது. இறக்கம் முந்தியது, இரண்டையும் இணைக்கும் பொதுக்கூற்று ஒன்றையும் எழுதிவிடலாம். ஆனாலும் பாரோமீட்டர் புயலை வரவழைக்கவில்லை. காற்றழுத்தம் குறைந்ததுதான் இரண்டுக்கும் பொதுவான காரணம். கால வரிசை மட்டும் போதாது என்பது இங்கே வெட்டவெளிச்சம்.

மார்ச் 20

எனக்குச் சரியாகப் படுவது ஜேம்ஸ் வுட்வர்டின் வழி. ஒன்றை நாம் கைவைத்து மாற்றினால் மற்றது மாறுமா என்று பார்க்கச் சொல்கிறார் அவர்.

கம்பத்தின் மேலே 2 மீட்டரை அறுத்துவிடுவோம். உயரம் 8, நிழல் 6.9 மீட்டருக்குச் சுருங்கும். சமன்பாடு சொன்னபடியே நடக்கிறது.

இப்போது நிழலை மாற்றுவோம். நுனி விழும் பக்கத்தில் 1 மீட்டர் உயர மேடை போட்டால், நுனி கம்பத்திலிருந்து 7.75 மீட்டர் தள்ளி மேடைமேல் விழும். அந்தத் தூரத்தைப் பழைய சூத்திரத்தில் போட்டால் கம்பம் 9 மீட்டர் என்று வரும். கம்பமோ அசையாமல் 10 மீட்டராகவே நிற்கிறது. “சமதளம் என்ற நிபந்தனையை நீங்களே உடைத்துவிட்டீர்களே” என்று கேட்கலாம். சரியான கேள்வி. ஆனால் தரையைத் தொடாமல் நிழலை மாற்ற வேறு என்ன வழி? மாலைவரை காத்திருந்தால் நிழல் நீளும், அந்த மாற்றத்தைக் கோணம் ஏற்றுக்கொள்ளும், உயரம் அப்படியே இருக்கும். நிழல் மாறும்போது உயரமும் கூடவே மாற வேண்டுமென்றால், கம்பத்தில்தான் கைவைக்க வேண்டும். திசை இப்படித்தான் தெரிகிறது.

இதற்கு ஒரு விலை உண்டு, அதை மறைக்கக் கூடாது. மாற்றுவது, தலையிடுவது என்பதெல்லாம் காரணகாரியச் சொற்கள். காரணம் என்ற கருத்தைச் சாராமல், விதிகளும் தர்க்கமும் மட்டும் கொண்டு விளக்கத்தை வரையறுக்க முயன்றது ஹெம்பலின் மாதிரி. அந்த இலக்கை இங்கே கைவிடுகிறோம்.

மார்ச் 23

விளக்கத்துக்கு மாறாத ஒரு திசை உண்டு என்பதற்கு எதிராக பாஸ் வான் ஃப்ராசென் 1980-இல் ஒரு கதை சொன்னார். ஒருவன் தான் கொன்ற காதலியின் நினைவாகக் கோபுரம் எழுப்புகிறான்; அவளிடம் முதலில் காதலைச் சொன்ன மாடத்தை ஒவ்வொரு சாயங்காலமும் அதன் நிழல் மூட வேண்டும் என்று உயரத்தைத் தீர்மானிக்கிறான். அப்படியானால் நிழல் உயரத்தை விளக்குகிறதே, திசை சூழலைப் பொறுத்ததுதானே என்பது அவர் வாதம். எனக்கு ஒப்புதல் இல்லை. கோபுரம் எழுவதற்கு முன் அந்த நிழலே கிடையாது. உயரத்தை விளக்குவது நிழலைப் பற்றி அவன் கொண்ட விருப்பம். அவன் மனத்தை மாற்றினால் உயரம் மாறும். கட்டி முடித்தபின் நிழலை மறித்தால் மாறாது.

இதற்குக் கதை தேவையே இல்லை, ப்ராம்பெர்கரின் கட்டடமே போதும். மன்ஹாட்டனில் 1915-இல் முடிந்த எக்விடபிள் கட்டடம் அக்கம்பக்கத்தை இருட்டாக்கியது. அதற்கு எழுந்த எதிர்ப்பும் சேர்ந்துதான் 1916-இன் மண்டல விதிமுறை வந்தது. தெருவுக்கு வெளிச்சமும் காற்றும் கிடைக்க, உயரே போகப் போகக் கட்டடம் உள்வாங்க வேண்டும் என்றது அது. மனைப் பரப்பில் கால் பங்கின் மீது மட்டும் எவ்வளவு உயரமும் எழ அது இடம் தந்தது. 1931-இல் திறந்த எம்பயர் ஸ்டேட் படிப்படியாக ஒடுங்கி நிற்பது அதனால்தான். அந்த வடிவத்தை விளக்குவதில் நிழலுக்குப் பங்கு உண்டு. ஆனால் அது எம்பயர் ஸ்டேட்டின் நிழல் அல்ல. பதினாறு வருடங்களுக்கு முன்பே தெருவில் விழுந்துவிட்ட வேறொரு கட்டடத்தின் நிழல்.