உளமொழியியல் வைவாவில் "ஏன் 30 பேர்?" என்று கேட்டால்

உளமொழியியலில் சோதனை நடத்தி தீசிஸ் எழுதுகிறவர்களை எக்ஸ்டர்னல் கட்டாயம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: பங்கேற்பாளர்கள் ஏன் 30 பேர்? "முந்தைய ஆய்வுகளிலும் அவ்வளவுதான் சார்" என்பது வழக்கமான பதில். நான் தயாரானபோது சீனியர்கள் சொல்லிக்கொடுத்ததும் அதுதான். அந்தப் பதிலை நம்பி உள்ளே போகாதீர்கள். விஷயம் தெரிந்த எக்ஸ்டர்னலாக இருந்தால் அடுத்த கேள்வி "அப்படியானால் அந்த முந்தைய ஆய்வுகளின் பவர் எவ்வளவு?" என்று வரும், அங்கே மாட்டிக்கொள்வீர்கள். பவர் என்றால், வித்தியாசம் உண்மையிலேயே இருக்கும்போது உங்கள் சோதனை அதைப் பிடிக்கும் வாய்ப்பு. அதைத் தோராயமாகக் கணக்கிட பத்து நிமிடம் போதும். நான் செய்த மாதிரியே சொல்கிறேன்.

சோதனை இப்படி என்று வைத்துக்கொள்வோம். திரையில் வாக்கியம் சொல் சொல்லாக வரும், படிப்பவர் ஸ்பேஸ்பாரைத் தட்டத் தட்ட அடுத்த சொல் தெரியும், ஒவ்வொரு சொல்லிலும் எவ்வளவு நேரம் நின்றார் என்பது பதிவாகும். 24 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் எளிய வடிவம், கடினமான வடிவம் என்று இரண்டு. ஒருவர் ஒரு வாக்கியத்தின் ஒரு வடிவத்தை மட்டுமே பார்ப்பார். கடினமான வடிவத்தில் உண்மையாகவே 15 மில்லிசெகண்ட் கூடுதலாகிறது என்று கொள்வோம். வாக்கிய அமைப்பு தொடர்பான பல விளைவுகள் இப்படிப் பத்து இருபது மில்லிசெகண்ட் அளவில்தான் இருக்கின்றன, அதனால் இது கஞ்சத்தனமான எண் இல்லை.

இந்த 15-ஐ மறைக்கும் இரைச்சல் மூன்று இடங்களிலிருந்து வருகிறது. ஒரே ஆள் ஒரே மாதிரி வாக்கியத்தில் ஒரு முறை வேகமாகவும் ஒரு முறை மெதுவாகவும் தட்டுவார், அந்த ஏற்ற இறக்கத்தின் திட்ட விலக்கம் 150 என்று வையுங்கள். அப்புறம் கடினமான வடிவம் எல்லோரையும் ஒரே அளவு தாமதப்படுத்தாது, ஆளுக்கு ஆள் மாறும், அதற்கு 30. வாக்கியத்துக்கு வாக்கியமும் மாறும், அதற்கு 20. இவ்வளவுதான் வேண்டும். R-இல் இப்படிப் போடுங்கள்:

```r
f <- function(n, m, b=15, e=150, s=30, i=20) {
  se <- sqrt(4*e^2/(n*m) + s^2/n + i^2/m)
  c(se=se, power=pnorm(b/se - 1.96))
}
f(30, 24)
```

`n` ஆட்கள், `m` வாக்கியங்கள். 30 பேர், 24 வாக்கியங்கள் என்றால் திட்டப் பிழை சுமார் 13 மில்லிசெகண்ட், பவர் சுமார் 21 சதவீதம். அதாவது விளைவு உண்மையிலேயே இருக்கும்போதே, இதே சோதனையை ஐந்து பேர் தனித்தனியாகச் செய்தால் நாலு பேருக்கு ஒன்றும் கிடைக்காது.

சரி, அந்த ஐந்தாவது ஆளுக்குக் கிடைத்துவிட்டதே, அவர் அதிர்ஷ்டசாலிதானே என்று தோன்றும். அவருக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள். திட்டப் பிழை 13 என்றால் p < 0.05 வருவதற்கு அவர் அளந்த வித்தியாசம் குறைந்தது 26 மில்லிசெகண்டாவது இருக்க வேண்டும். உண்மையோ 15. அதாவது உண்மைக்கு நெருக்கமாக அளந்தவர் யாருமே அந்தக் கோட்டைத் தாண்ட முடியாது, தற்செயலாக மிகைப்படுத்தி அளந்தவர் மட்டுமே தாண்டுவார், தாண்டியவர்களின் சராசரியைப் போட்டால் 33 வரும். ஜெல்மனும் கார்லினும் 2014-இல் எழுதிய கட்டுரையில் இதை டைப் எம் பிழை என்கிறார்கள், அளவு வீங்கிப்போகும் பிழை. பத்திரிகைகள் "கிடைத்தது" என்பதையே விரும்பி அச்சிடுவதால் நாம் படிக்கும் கட்டுரைகளில் இருப்பது பெரும்பாலும் இந்த வீங்கிய எண்.

இனிமேல்தான் வேடிக்கை. அந்தக் கட்டுரையைப் படிக்கும் அடுத்த மாணவர் பொறுப்பாகப் பவர் கணக்கு போடுகிறார். விளைவு 33 என்று எடுத்துக்கொண்டு `f(30, 24, b=33)` என்று போட்டால் 71 சதவீதம் வருகிறது, 30 பேர் பரவாயில்லை என்று முடிவுசெய்கிறார். அவருடைய உண்மையான பவர் அதே 21 சதவீதம்தான். ஒன்றும் கிடைக்காமல் போகும்போது, சோதனையை நடத்தத் தனக்குத் தெரியவில்லை என்று கைடிடம் திட்டு வாங்குகிறார்.

இது வெறும் தாள் கணக்கு என்று யாராவது சொன்னால் எக்ஸ்டர்னலிடம் சொல்வதற்கு ஒரு நிஜக் கதை கையில் இருக்கட்டும். 2005-இல் டிலாங், அர்பாக், குட்டாஸ் மூவரும் நேச்சர் நியூரோசயின்ஸில் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். காற்று வீசும் நாளில் பையன் வெளியே பறக்கவிடப் போனான் என்று ஆங்கிலத்தில் வாக்கியம் வந்தால், படிப்பவர் 'கைட்' என்ற சொல்லை எதிர்பார்ப்பார், அதற்கு முன்னால் 'எ' வர வேண்டும். அதற்குப் பதில் 'ஆன்' வந்தால், பின்னால் வரும் பெயர்ச்சொல்லைப் பார்ப்பதற்கு முன்பே மூளை அலையில், என்400 என்ற பகுதியில், மாற்றம் தெரிகிறது என்றார்கள். நாம் வரப்போகும் சொல்லின் ஒலியைக்கூட முன்கூட்டியே ஊகிக்கிறோம் என்பதற்கு இது நேரடி ஆதாரமாகப் பாடப்புத்தகம் வரை போனது. பங்கேற்றவர்கள் 32 பேர்.

பிறகு நியூலண்டும் சக ஆய்வாளர்களும் பிரிட்டனின் ஒன்பது ஆய்வகங்களில் 334 பேரை வைத்து அதையே திரும்பச் செய்து 2018-இல் ஈலைஃப் இதழில் வெளியிட்டார்கள். பெயர்ச்சொல்லில் விளைவு பளிச்சென்று வந்தது, 'எ', 'ஆன்' இருக்கும் இடத்தில் வரவில்லை. இதைச் சொல்லும்போது கவனம்: முன்கணிப்பே பொய் என்று யாரும் நிரூபிக்கவில்லை. அந்த இடத்தில் விளைவு இருந்தாலும் மிகச் சிறியது, 32 பேரை வைத்து நம்பகமாகப் பிடிக்கக்கூடிய அளவில் இல்லை என்பதுதான் அதன் பொருள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது பெயர்ச்சொல் விளைவு வந்ததுதான். கருவியும் ஆட்களும் சரியாக வேலை செய்தார்கள் என்பதற்கு அதே தரவுக்குள்ளேயே சாட்சி இருக்கிறது, அதனால் "உங்களுக்குச் செய்யத் தெரியவில்லை" என்று சுலபமாகத் தள்ளிவிட முடியாது. உங்கள் சோதனையிலும் இப்படி நிச்சயமாக வரவேண்டிய ஒரு பெரிய விளைவைச் சேர்த்து வையுங்கள், ஒன்றும் கிடைக்காத நாளில் கைகொடுக்கும்.

இப்போது நம் கணக்குக்குத் திரும்புவோம், ஏனென்றால் எத்தனை பேர் வேண்டும் என்பதற்கான பதில் பலரும் நினைப்பதுபோல் ஆட்களில் மட்டும் இல்லை. 24 வாக்கியங்களோடு 80 சதவீதப் பவர் வேண்டுமென்றால் சுமார் 390 பேர் தேவை. எந்தப் பிஎச்டி மாணவருக்கும் இது முடியாது. வாக்கியங்களை 48 ஆக்குங்கள், `f(136, 48)` போட்டுப் பாருங்கள், 136 பேரிலேயே 80 வந்துவிடும். வாக்கியம் இரட்டிப்பானதும் ஆள் தேவை கிட்டத்தட்ட மூன்றில் ஒன்றாகிவிட்டது. வாக்கியங்களும் ஒரு மாதிரிதான், அவையும் பெரிய மொழியிலிருந்து பொறுக்கியெடுத்த கைப்பிடி, அதைக் கணக்கில் சேர்க்காமல் விடக்கூடாது என்று ஹெர்பர்ட் கிளார்க் 1973-இலேயே எழுதிவிட்டார். பிரைஸ்பார்ட்டும் ஸ்டீவன்ஸும் 2018-இல் எதிர்வினை நேரச் சோதனைகளுக்கு ஒரு நிபந்தனைக்கு, அதாவது நம் சோதனையில் ஒரு வடிவத்துக்கு, 1600 அளவீடுகள், உதாரணமாக 40 பேர் 40 தூண்டல்கள், என்று பரிந்துரைத்தார்கள். நம் 30 பேர் சோதனையில் ஒரு நிபந்தனைக்கு 360 தான் இருக்கின்றன. 1600 என்பதையும் மந்திரம் மாதிரி எழுதாதீர்கள், விளைவின் அளவு மாறினால் அதுவும் மாறும்.

வாக்கியங்களைக் கூட்டுவதற்கும் விலை உண்டு. 48 வாக்கியங்கள் என்றால் சோதனையின் நோக்கம் தெரியாமலிருக்கக் குறைந்தது அதே அளவு நிரப்பு வாக்கியங்களும் வேண்டும், படிப்பவர் களைத்துப்போவார், போகப்போக வேகமாகத் தட்டவும் தொடங்குவார், கடினமான அமைப்பு பழகிவிட்டால் விளைவே சுருங்கலாம். இரண்டு அமர்வாகப் பிரிப்பது எனக்கு ஒத்துவந்தது. இரண்டாம் அமர்வுக்குச் சிலர் வரமாட்டார்கள், அதையும் கணக்கில் வைத்துக் கூடுதலாக ஆள் சேருங்கள்.

150, 30, 20 என்ற எண்களை எங்கிருந்து எடுப்பது? பைலட்டிலிருந்தும், அதே முறையில் செய்தவர்கள் பொதுவில் வைத்திருக்கும் தரவிலிருந்தும். R-இன் lme4 தொகுப்பில் மாடலை ஓட்டினால் மூன்றும் கிடைக்கும், ஆனால் சிறு பைலட்டில் 30-உம் 20-உம் நிலையாக இருக்காது, கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் போட்டுப் பாருங்கள். தமிழ் வாக்கியங்களை வைத்துச் செய்கிறவர்கள் ஆங்கிலத் தரவின் 150-ஐ அப்படியே எடுக்காதீர்கள், நம் சொற்கள் விகுதிகளோடு நீளும், ஒரு சொல்லில் நிற்கும் நேரம் கூடும், நேரம் கூடினால் ஏற்ற இறக்கமும் கூடும். பைலட்டிலிருந்து எடுக்கவே கூடாதது 15 என்ற விளைவின் அளவு. பத்துப் பேர் பைலட்டில் அது எதுவாகவும் வரும். அதைத் தொகுப்பாய்வுகளிலிருந்து எடுங்கள், இல்லையென்றால் உங்கள் கோட்பாட்டுக்கு அர்த்தமுள்ள மிகச் சிறிய வித்தியாசம் எது என்று நீங்களே முடிவுசெய்து காரணத்தை எழுதுங்கள்.

இன்னொரு பொறி. சோதனை முடிந்தபின் கிடைத்த விளைவையே உள்ளே போட்டுப் பவர் கணக்கிட்டுக் காட்டச் சொல்வார்கள், விமர்சகர்கள்கூடக் கேட்பதுண்டு. அது p மதிப்பையே வேறு வேஷத்தில் சொல்வது. p சரியாக 0.05 என்றால் அந்தப் பவர் எப்போதும் 50 சதவீதத்தை ஒட்டித்தான் வரும், புதிதாக எதுவும் தெரியாது. பணிவாக அதைச் சொல்லிவிட்டு, தரவு சேர்க்கும் முன் போட்ட கணக்கைக் காட்டுங்கள், சினாப்சிஸிலேயே தேதியோடு அது இருந்தால் பேச்சே எழாது.

கடைசியாக, 136 பேர் கிடைக்கவே மாட்டார்கள், 40 பேர்தான் என்றால்? 48 வாக்கியங்களோடு பவர் 40 சதவீதம், திட்டப் பிழை சுமார் 9. செய்யலாம், ஆனால் முடிவை எழுதும் விதம் மாற வேண்டும். 9 மில்லிசெகண்ட் வித்தியாசம் வந்தது, p 0.3 என்று வைப்போம். "விளைவு இல்லை" என்று எழுதினால் எக்ஸ்டர்னல் சரியாக அந்த வரியில்தான் விரலை வைப்பார். "மதிப்பீடு 9, 95 சதவீத இடைவெளி −8 முதல் 26 வரை, 30-க்கு மேற்பட்ட விளைவோடு இந்தத் தரவு பொருந்தவில்லை, பூஜ்யத்தோடும் 15-ஓடும் பொருந்துகிறது" என்று எழுதுங்கள். முன்பு 33 என்று அச்சான கட்டுரை இருக்கிறதே, அதைப் பற்றி உங்கள் 40 பேர் இந்த வரியிலேயே ஏதோ சொல்லிவிட்டார்கள்.