இருபத்தொன்றா, இருபத்துநாலா

"ஏந் தம்பி, லாபம் நூத்துக்கு இருபத்தொண்ணுங்கறது, குடோனை எண்ணுன கணக்கு வர்றதுக்கு முன்னாலயே உங்களுக்குத் தெரியுமுங்களா, வந்த பொறகு தெரிஞ்சுதுங்களா?"

முதலாளி கோபமாகக் கேட்கவில்லை. டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பில் புத்தகத்தைப் பார்த்தபடி கேட்டார். நான் "பில்லிலிருந்து எடுத்ததுங்கண்ணா" என்றேன். அது உண்மைதான். ஆனால் அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை என்பதும் அப்போதே எனக்குத் தெரியும்.

ஈரோட்டில் ஜவுளிக்கடைக் கணக்கு பார்ப்பவர்களுக்கு இந்த வேலை புதிதல்ல. எங்கள் கடையில் உருப்படிவாரியாக இருப்புக் கணக்கு கிடையாது. சென்னிமலைப் போர்வை, துண்டு, சேலை, ரெடிமேடு என்று ஆயிரம் தினுசு. மார்ச் 31 அன்று மட்டும் முழுதாக எண்ணுவோம். நடுவில் வங்கிக்கு ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் கொடுக்க, மூன்று மாதத்துக்கு ஒருமுறை விகிதத்தை வைத்து மதிப்பிடுவோம். தொடக்க இருப்போடு கொள்முதலைக் கூட்டு; விற்பனையில் நம் லாப விகிதத்தைக் கழித்தால் விற்ற சரக்கின் அடக்கம்; அதை முதலில் கூட்டியதிலிருந்து கழித்தால் மிச்சம் கையிருப்பு. இடைக்கால அறிக்கைகளுக்கான 25-ஆம் கணக்கியல் தரநிலையே, இடையில் முழு எண்ணிக்கை எடுக்காமல் விற்பனை லாப அளவை வைத்து மதிப்பிட்டால் போதுமானதாக இருக்கலாம் என்கிறது. ஆக நான் செய்தது குறுக்குவழி அல்ல.

ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான கணக்கு இப்படி இருந்தது. தொகைகளைச் சற்று முழு எண்ணாக்கிச் சொல்கிறேன். ஜூலை ஒன்றாம் தேதி இருப்பு 90 லட்சம். தீபாவளிச் சரக்கும் வண்டி வாடகையும் சேர்த்துக் கொள்முதல் 180 லட்சம். ஜி.எஸ்.டி. நீக்கி, திரும்பி வந்ததையும் கழித்தால் விற்பனை 150 லட்சம். முந்தைய வருடங்களின் மொத்த லாபம் விற்பனையில் நூற்றுக்கு 24. அந்தக் கணக்குப்படி லாபம் 36 லட்சம், விற்ற சரக்கின் அடக்கம் 114 லட்சம், கையிருப்பு 156 லட்சம். அக்டோபர் முதல் வாரத்தில் அதையே வங்கிக்கு அனுப்பினோம்.

அந்த வருடம் செப்டம்பர் கடைசியில் ஆயுத பூஜைக்காகக் குடோனை ஒழித்துத் துடைத்தார்கள். துடைக்கிற வேலையோடு வேலையாக, 30-ஆம் தேதி இரவு குடோன், கடை இரண்டையும் எண்ணிவிடச் சொன்னார் முதலாளி. சீட்டில் அடக்க விலையைக் குறிக்கிற எழுத்தைப் பார்த்து விலை போட்டு, தாள்களைக் கூட்டி முடிக்க அக்டோபர் பாதி ஆகிவிட்டது. வந்த தொகை 151 லட்சம். பில் வந்து பார்சல் ஆபீஸில் கிடந்த பேல்களையும் சேர்த்துத்தான் இந்தத் தொகை. அந்த இடத்தில் தவறு இல்லை என்று இரண்டு தடவை பார்த்தேன்.

ஐந்து லட்சம் குறைகிறது. முதலாளி முதலில் கேட்டது சாவி யாரிடம் இருக்கிறது என்பதுதான்.

சாவி இருந்தது குடோனைப் பார்த்துக்கொள்கிற பெரியவரிடம். முதலாளியின் அப்பா காலத்து ஆள். அவர் பெயர் பேச்சில் வந்ததும் நான் அன்று இரவே உட்கார்ந்து ஆடி மாத பில்களைத் தனியாகப் பிரித்தேன்.

எங்கள் கடையில் 100 ரூபாய் அடக்கத்துக்கு 33 ரூபாய் ஏற்றி விலை போடுவோம். விற்பனை விலையில் பார்த்தால் அது 25 சதவீதம். ஆடித் தள்ளுபடி பத்து சதவீதம் கொடுத்தால் அந்த 133 ரூபாய்ச் சரக்கு 120-க்குப் போகிறது. லாபம் 20. அதாவது 25 சதவீதம் ஒரே அடியில் பதினாறே முக்காலுக்குக் கொஞ்சம் கீழே இறங்கிவிடுகிறது. பத்து சதவீதம்தானே கொடுத்தோம் என்று கடையில் எல்லோரும் நினைப்பார்கள். போனதோ லாபத்தில் கிட்டத்தட்ட நாற்பது சதவீதம். அந்தக் காலாண்டில் ஆடி விற்பனை 72 லட்சம், லாபம் 12 லட்சம். மிச்சம் 78 லட்சத்துக்கு 25 சதவீதம் போட்டால் பத்தொன்பதரை. மொத்தம் முப்பத்தொன்றரை லட்சம், அதாவது 21 சதவீதம். கையிருப்பு நூற்று ஐம்பத்தொன்றரை லட்சம். எண்ணி வந்ததோடு அரை லட்சம்தான் வித்தியாசம்.

இதைக் காட்டியபோதுதான் முதலாளி அந்தக் கேள்வியைக் கேட்டார்.

என் பக்க நியாயம் இது: 24 என்பது ஒரு முழு வருடத்துக்கான விகிதம். எங்கள் வருட விற்பனை சுமார் 600 லட்சம். ஆடியின் 72 லட்சத்தில் 12, மிச்சம் 528 லட்சத்தில் 132, கூட்டினால் 144. அதுதான் நூற்றுக்கு 24. அந்த 24-க்குள்ளேயே ஆடி கரைந்து கிடக்கிறது. ஆடி வரும் காலாண்டில் 21, வராத மூன்றில் 25. எந்தக் காலாண்டிலும் 24 கிடையாது. ஆனால் வருடம் முடிந்தால் 24 கச்சிதமாக வரும். செப்டம்பரில் நான் கூடுதலாகக் காட்டிய நாலரை லட்சம், மற்ற மூன்று காலாண்டிலும் ஒரு சதவீதம் குறைவாகக் காட்டுவதால் நேராகிவிடும். "மார்ச்சுல சரியாப் போயிரும்" என்று முதலாளி வழக்கமாகச் சொல்வது, கணக்குப்படி அப்பட்டமான உண்மை. அதனால்தான் இத்தனை வருடம் யாரும் இதைக் கவனிக்கவில்லை. காலாண்டு விகிதம் என்று பழைய பைலில் இருந்ததெல்லாம், இதே 24-ஐப் போட்டு வந்த மதிப்பீடுகள். அதைப் பார்த்து எதைச் சரிபார்ப்பது?

சரி, நியாயம் இருக்கட்டும். முதலாளி கேட்டதும் நியாயம்தானே. 151 என்று தெரியாமலிருந்தால் ஆடி பில்லைப் பிரித்திருப்பேனா? சந்தேகம்தான். எண்ணிக்கை 146 என்று வந்திருந்தால்? கடை ஓரத்தில் இருபது சதவீதத் தள்ளுபடி ரேக் ஒன்றும் இருந்தது. அதில் லாபம் நூற்றுக்கு ஆறேகால்தான். அந்த விற்பனை தனி பில்லில் இல்லை. எவ்வளவு என்று நானே ஒரு தொகை போட்டு, இன்னும் இரண்டு லட்சத்தையாவது விளக்கியிருக்க முடியும். லாபம் குறைந்ததா, சரக்கு குறைந்ததா என்று இந்த முறை பிரித்துக் காட்டாது. இரண்டும் ஒரே தொகைக்குள் வந்து விழும். பெரியவர் எடுக்கவில்லை என்று என் 21 நிரூபிக்கவில்லை. எடுத்தார் என்று 24-ம் நிரூபிக்கவில்லை. 24-ல் நின்றிருந்தால் ஒரு மனிதர் ஐந்து லட்சத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும் என்பது மட்டும் நிச்சயம்.

முதலாளி அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. பெரியவரிடமும் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் தீபாவளிக்கு முன்பே குடோனுக்கு இரண்டாவது பூட்டு வந்தது. அதன் சாவி முதலாளியின் மருமகனிடம். பெரியவர் என்னிடம், "கணக்குல ஏதாச்சு இடிக்குதுங்களா?" என்று ஒருநாள் கேட்டார். "இல்லீங்க, சரியாத்தான் இருக்குது" என்றேன். சரியாகத்தான் இருந்தது. இருந்தும் அந்தப் பூட்டைப் பற்றி அவரிடம் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

அடுத்த ஆடிக்கு, தள்ளுபடிக்குத் தனி பில் வரிசை போட்டேன், இருபது சதவீத ரேக்குக்கு இன்னொன்று. செப்டம்பர் கடைசியில் அந்த பில்களைக் கொண்டு விகிதத்தைப் போட்டு, தேதி எழுதி, குடோன் ஒழிப்பதற்கு முன்பே முதலாளியின் மேஜையில் வைத்தேன். இருபதரை வந்திருந்தது. அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்த வருசம் எண்ண வேண்டாம் தம்பி, பசங்களுக்குத் தீபாவளி வேலை கெடக்குது" என்றார்.